எடைக் குறைப்பில் இசப்கோல்: பசியும் மலச்சிக்கலும் சேர்ந்து வந்த ஒரு நிகழ்வு

பின்னணி

42 வயதுப் பெண். உட்கார்ந்து செய்யும் வேலை. உயரம் 160 செ.மீ., தொடக்க எடை 78 கிலோ. தைராய்டு குறைவாகச் சுரப்பதால் பல வருடங்களாகக் காலையில் வெறும் வயிற்றில் லெவோதைராக்சின் மாத்திரை எடுத்து வருகிறார். வேறு நோய் எதுவும் இல்லை. எடைக் குறைப்பைத் தொடங்குவதற்கு முன்பு தினமும் சிரமமில்லாமல் மலம் கழித்து வந்தவர் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் ஒப்பீடு.

அவர் தானாகவே ஒரு திட்டம் போட்டுக்கொண்டார். நாளுக்கு சுமார் 1,400 கலோரி, புரதம் 110 கிராம். காலையில் புரோட்டீன் ஷேக், மதியம் கோழிக்கறியும் கொஞ்சம் இலைக் காய்கறிகளும், மாலையில் இன்னொரு ஷேக், இரவில் முட்டையும் வடிகட்டிய சூப்பும். தானியம், பயறு, கிழங்கு, பழம் நான்கையும் 'கார்ப்' என்று ஒரே பெட்டியில் போட்டு ஒதுக்கிவிட்டார். முதல் 5 வாரங்களில் எடை 78-லிருந்து 75.2 கிலோவுக்கு இறங்கியது. கணக்குப்படி திட்டம் வேலை செய்தது.

ஆனால் மூன்றாவது வாரத்திலேயே இரண்டு தொந்தரவுகள் தொடங்கிவிட்டன. மாலை 4 மணிக்கும் இரவு 9 மணிக்கும் தாங்க முடியாத பசி. அதோடு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மலம் போனது, அதுவும் முக்கி முக்கி. இரண்டுக்கும் ஒரே காரணம் நார்ச்சத்துக் குறைவு, ஒரே மருந்து இசப்கோல் என்று முடிவு செய்து, நான்காவது வாரத்தில் அதை வாங்கத் தொடங்கினார்.

ஏழாவது வாரத்தின் முடிவில் என்னிடம் வந்தார். அப்போது எடை 76.3 கிலோ. "கம்மியா சாப்பிட்டும் எடை ஏறுதே மேடம்" என்பதுதான் அவர் சொன்ன முதல் குறை. மலச்சிக்கலைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் பேசினார்.

கவனித்தவை

முதலில் அவர் சாப்பிட்டதை எல்லாம் எழுதி நார்ச்சத்தைக் கூட்டினோம். இசப்கோலைத் தவிர்த்துப் பார்த்தால் நாளுக்குச் சுமார் 10 கிராம்தான் தேறியது. வயது வந்தவர்களுக்கு மலம் ஒழுங்காகப் போவதற்கு நாளுக்கு 25 கிராம் போதுமானது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீடு. 1,000 கலோரிக்கு 14 கிராம் என்ற இன்னொரு கணக்கின்படி பார்த்தாலும் 1,400 கலோரிக்கு 20 கிராம் வர வேண்டும். அவர் பாதியில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்தது மலத்தின் தன்மை. பிரிஸ்டல் அளவுகோல் 1 முதல் 7 வரை போகும்: 1 என்றால் தனித்தனி உருண்டைகளாகக் காய்ந்த மலம், 3-ம் 4-ம் இயல்பானவை, 7 முழுக்கத் தண்ணீர். இவருடையது 1, சில நாள் 2. வாரத்துக்கு இரண்டு முறை. போன பிறகும் பாதி உள்ளேயே இருப்பது போன்ற உணர்வு. சாயங்காலத்தில் வயிறு இறுகி, இடுப்புப் பட்டியைத் தளர்த்த வேண்டியிருந்தது.

மூன்றாவதாக இசப்கோல். "தினமும் ரெண்டு பெரிய ஸ்பூன்" என்றார். எந்த ஸ்பூன், எந்த வகை என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. முதல் பாக்கெட் முழு உமி. அது தீர்ந்த பிறகு வாங்கியது நன்றாக அரைத்த பொடி. ஸ்பூன் அதேதான். அடுத்த முறை இரண்டையும் கொண்டுவரச் சொல்லி, சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். அவருடைய ஸ்பூனில் உமி 4 கிராமுக்கு மேல் கொஞ்சம் வந்தது, பொடி 9 கிராம். அதாவது நாளுக்கு 8 கிராம் எடுத்துக்கொண்டிருந்தவர், தெரியாமலே 18 கிராமுக்குப் போயிருந்தார். அதையும் இரவு படுக்கப் போகும் முன் ஒரே தடவையாக, 200 மி.லி. தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் அவசரமாக விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்வார். சில நாள் மாலை ஷேக்குக்குப் பதிலாகவும் இதையே குடித்திருக்கிறார், பசி அடங்கும் என்று.

நாட்குறிப்பில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. பொடிக்கு மாறிய வாரத்தில்தான் எடை ஏறத் தொடங்கியது. எடை ஏறியதைப் பார்த்துப் பயந்து, மதிய உணவில் காய்கறியைப் பாதியாக்கினார். அதனால் குடலுக்குப் போகும் சக்கை இன்னும் குறைந்தது, மலச்சிக்கல் கூடியது, மெஷினில் எடை இன்னும் கொஞ்சம் ஏறியது. கொழுப்பு கூடியதற்கான அறிகுறி எதுவும் இல்லை. 1,300 கலோரிக்கும் கீழே சாப்பிட்டுக்கொண்டு ஒரு கிலோ கொழுப்பு ஏறாது. மெஷின் காட்டியது குடலில் தங்கிய மலத்தையும், அதில் ஜெல்லாகக் கட்டுண்டு கிடந்த தண்ணீரையும்தான்.

ஏன் இப்படி ஆனது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எடுத்த முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வந்தன.

இசப்கோல் தண்ணீரில் கரைந்து கெட்டியான ஜெல்லாகும் நார். பெரும்பாலான கரையும் நார்களைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் தின்று வாயுவாகவும் அமிலமாகவும் மாற்றிவிடும். இதை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதனால் ஜெல் கலையாமல் குடலின் கடைசி வரை போகிறது, தான் பிடித்த தண்ணீரை விடாமல் வைத்திருக்கிறது. காய்ந்த மலம் மிருதுவாவதும், தண்ணீராகப் போகும் மலம் இறுகுவதும் இந்த ஒரே குணத்தால்தான். பாக்கெட்டில் 'நார்ச்சத்து' என்று போட்டு விற்கும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. இன்யூலின் சீக்கிரம் புளித்து வாயுவாகிவிடும். கோதுமை டெக்ஸ்ட்ரினும் அப்படித்தான் கரைந்து போகும். மலத்தை மிருதுவாக்க அதை நம்பி எடுப்பதில் பயனில்லை.

ஆனால் இந்த ஜெல் தண்ணீரைத் தானாக உண்டாக்காது. வெளியிலிருந்து கிடைத்ததைத்தான் பிடித்து வைக்கும். 18 கிராம் பொடிக்கு ஒரு தம்ளர் தண்ணீர் என்பது மிகக் குறைவு. மேலே சக்கை வேறு இல்லை, ஏற்கெனவே காய்ந்த மலம் கீழே அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பின்னால் போய்ச் சேரும் ஜெல் பருமனைத்தான் கூட்டும். இந்த நிலையில் அளவை ஏற்ற ஏற்ற உப்புசம்தான் கூடும்.

அப்புறம் பசி. மலத்துக்கு உதவும் அதே பொருள் பசிக்கும் உதவும் என்று அவர் நினைத்ததில் முழுத் தவறு இல்லை. சாப்பாட்டுக்கு முன் 7 கிராம் அளவில் இசப்கோல் எடுத்தவர்களுக்கு உணவுக்கு இடைப்பட்ட பசி ஓரளவு குறைந்ததாகச் சோதனைகளில் தெரிகிறது. ஆனால் அது ஓரளவுதான். வயிறு நிறைந்த உணர்வில் நாரின் கிராம் கணக்குக்கு ஒரு பங்குதான் உண்டு. எவ்வளவு நேரம் மென்றோம், தட்டில் இருந்த உணவின் பருமன் என்ன, அது வயிற்றில் எவ்வளவு நேரம் திடமாகத் தங்கியது, கூடவே புரதம் இருந்ததா என்பவை எல்லாம் சேர்ந்துதான் அந்த உணர்வைத் தருகின்றன.

2009-ல் வெளிவந்த ஒரு சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மதிய உணவுக்கு முன் ஒரே கலோரி அளவில் ஆப்பிளை முழுத் துண்டுகளாகவும், மசித்தும், சாறாகவும், நார் சேர்த்த சாறாகவும் வெவ்வேறு நாட்களில் கொடுத்துப் பார்த்தார்கள். எதுவும் கொடுக்காத நாளோடு ஒப்பிட்டால், துண்டுகளைத் தின்ற நாளில் மொத்த உணவு சுமார் 15 சதவீதம் குறைந்தது. சாற்றில் நாரைக் கலந்ததால் மட்டும் அது துண்டுக்கு இணையாகிவிடவில்லை, வெறும் சாறு போலவேதான் நடந்துகொண்டது. இந்தப் பெண்மணியின் நாள் முழுவதும் பெரும்பாலும் குடிக்கும் உணவு. புரதம் 110 கிராம் இருந்தும் மாலை 4 மணிக்குப் பசித்ததற்கு அதுதான் காரணம் என்று எனக்குப் பட்டது.

முதல் முடிவு: மருத்துவரிடம் அனுப்பியது

உணவில் கை வைப்பதற்கு முன் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். மலத்தில் ரத்தம் உண்டா, வாந்தி உண்டா, வாயுகூடப் பிரியாமல் வயிறு வீங்குகிறதா, விழுங்கும்போது தொண்டையில் அல்லது நெஞ்சில் சிக்குகிறதா, குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் வந்ததா. இதில் எதற்காவது ஆம் என்றால் பேச்சே வேறு. குறிப்பாக விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் இசப்கோலைத் தொடவே கூடாது. குறைந்த தண்ணீரில் எடுத்தால் அது உணவுக் குழாயிலேயே வீங்கி அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இவர் எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். ஆனாலும் தைராய்டு இருக்கிறது. தைராய்டு குறைவே மலச்சிக்கலைத் தரும் என்பதால் அவருடைய மருத்துவரிடம் அனுப்பினேன். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். சரியான வரம்பில் இருந்தது, ரத்தசோகை இல்லை. மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, மலம் தேங்கியிருப்பதாகச் சொல்லி, பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியைச் சில நாளைக்குக் கொடுத்தார். அது குடலுக்குள் தண்ணீரை நிறுத்தி வைத்து மலத்தை இளக்கும், இசப்கோல் போல் பருமனைக் கூட்டாது. தேங்கியது வெளியேறும் வரை இசப்கோலை முழுவதும் நிறுத்துவது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

நான்கே நாளில் எடை 74.6 கிலோ. எடை ஏறுகிறது என்ற பயம் அன்றோடு போயிற்று, அதற்குப் பிறகுதான் அவரால் உணவைக் கூட்டுவதைப் பற்றி நிதானமாகப் பேச முடிந்தது.

இரண்டாவது முடிவு: பசியையும் மலத்தையும் தனித்தனியாகப் பார்ப்பது

ஒரு நோட்டில் இரண்டு பத்திகள் போடச் சொன்னேன். ஒன்றில் மாலை 4 மணிக்கும் இரவு 9 மணிக்கும் பசிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண். இன்னொன்றில் மலம் போன நாள், பிரிஸ்டல் எண், முக்க வேண்டியிருந்ததா இல்லையா. எடையை வாரச் சராசரியாக மட்டும் பார்ப்பது. இப்படிப் பிரித்து எழுதாவிட்டால் எந்த மாற்றம் எதைச் சரிசெய்தது என்று கடைசி வரை தெரியாது.

பசிக்கு உணவு, மலத்துக்குத் தேவைப்பட்டால் மட்டும் பின்னால் இசப்கோல். இதுதான் வரிசை. உணவை முதலில் வைத்ததற்குக் காரணம் எளிது: உணவை மாற்றினால் இரண்டுமே சரியாக வாய்ப்பு இருக்கிறது, பொடியைக் கூட்டினால் ஒன்றுதான் சரியாகும்.

கலோரி 1,400-ஐத் தாண்டாமல் மாற்றியாக வேண்டும். இரண்டு ஷேக்குகளையும் எடுத்துவிட்டோம். காலையில் 40 கிராம் ஓட்ஸைக் கஞ்சியாகக் காய்ச்சி, கூட 200 கிராம் வடிகட்டிய கெட்டித் தயிர். மதியம் கோழிக்கறியை 100 கிராமாகக் குறைத்து, வெந்த பயறும் 150 கிராம் காய்கறியும். மாலை 4 மணிக்குத் தோலோடு ஒரு ஆப்பிள், ஒரு சிறு பிடி கொட்டைகள். இரவில் இரண்டு முட்டை, 200 கிராம் வேகவைத்த உருளைக்கிழங்கு, மறுபடி 150 கிராம் காய்கறி. புரதம் 110-லிருந்து 95 கிராம் அளவுக்கு இறங்கியது. அவருடைய எடைக்குக் கிலோவுக்கு 1.2 கிராமுக்கு மேல் வருகிறது, தசையைக் காக்க இந்தக் கட்டத்தில் அது போதும் என்று கருதினேன்.

உருளைக்கிழங்கைப் பார்த்து அவர் அதிர்ந்துதான் போனார். 200 கிராமில் நார் 4 கிராம்தான், அந்தக் கணக்கில் அது பெரிய ஆள் இல்லை. ஆனால் அது வெறும் 170 கலோரி, தட்டில் நல்ல இடத்தை அடைக்கும். 1995-ல் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து நிறைவை அளந்த ஆய்வில் முதலிடம் வேகவைத்த உருளைக்கிழங்குக்குத்தான், வெள்ளை ரொட்டியைவிட மூன்று மடங்குக்கு மேல். நாரின் எண்ணை மட்டும் பார்த்து உணவைத் தேர்ந்தெடுப்பவர்கள் தவறவிடும் விஷயம் இது. வறுத்தாலோ எண்ணெயில் பொரித்தாலோ இந்தக் கணக்கு செல்லாது.

இவ்வளவையும் ஒரே நாளில் கொண்டுவரவில்லை. 10 கிராமிலிருந்து 28 கிராமுக்கு ஒரேயடியாகத் தாவினால் உப்புசத்தில் ஆளே ஓடிவிடுவார். முதல் வாரம் ஓட்ஸும் ஆப்பிளும். அடுத்த வாரம் உருளைக்கிழங்கும் கூடுதல் காய்கறியும். அதற்கும் பிறகுதான் பயறு, அதுவும் வெந்த அளவில் 50 கிராம்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்ஸ் கஞ்சி, உருளைக்கிழங்கு, ஆப்பிள், காய்கறி எல்லாம் தங்கள் தண்ணீரோடுதான் வயிற்றுக்கு வருகின்றன. அதனால் அவரை லிட்டர் கணக்கில் குடிக்கச் சொல்லவில்லை. தாகத்துக்குக் குடித்து, சிறுநீர் வெளிர் மஞ்சளில் இருந்தால் சரி என்றேன். நாரை உலர்ந்த பொடியாக எடுக்கும்போதுதான் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும்.

தொடர்ந்து நடந்தவை

பசிதான் முதலில் அசைந்தது. தொடக்கத்தில் மாலை 4 மணிப் பசி 8 என்று எழுதியவர், உருளைக்கிழங்கு வந்த வாரத்தின் முடிவில் 5 என்றும், பயறு முழு அளவுக்கு வந்த பிறகு 3 அல்லது 4 என்றும் எழுதினார். இரவு 9 மணிப் பசி அவ்வளவு இறங்கவில்லை, 7-லிருந்து 5-க்கு வந்து நின்றுவிட்டது. அதில் பாதி பழக்கம் என்பது என் கணிப்பு. அதை நோண்டவில்லை.

பயறு வந்த வாரம் கஷ்டமான வாரம். வாயு. அலுவலகத்தில் உட்கார முடியவில்லை என்றார். பயற்றில் உள்ள சில சர்க்கரைகளை நம்மால் செரிக்க முடியாது, பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் அவற்றைத் தின்கின்றன, வாயு அங்கேதான் உருவாகிறது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவைக்கச் சொன்னேன். 50 கிராமிலேயே இன்னொரு வாரம் நிறுத்தி வைத்தோம். வாயு தாங்கும் அளவுக்குக் குறைந்தது, அதன் பிறகு 100 கிராமுக்குப் போனோம். 150 வரை போகலாம் என்ற யோசனையை அவரே மறுத்துவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை.

மலம் மெதுவாகத்தான் மாறியது. உணவு மாறி நான்கு வாரம் ஆனபோது வாரத்துக்கு நான்கு முறை, பிரிஸ்டல் 3. ஆனால் சில நாள் முக்க வேண்டியிருந்தது, மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மறுபடி 2. முன்பு தினமும் சிரமமின்றிப் போனவருக்கு இது போதவில்லை. 2,000 கலோரி சாப்பிட்ட காலத்தில் குடலுக்குப் போன சக்கை இப்போது போவதில்லை, எவ்வளவு திறமையாக உணவைத் தேர்ந்தெடுத்தாலும் குறைந்த கலோரியில் அந்த அளவை முழுதாக ஈடுகட்டுவது கஷ்டம்.

இங்கே மூன்று வழிகள் இருந்தன. உலர்ந்த பிளம்ஸ் பழம் மலச்சிக்கலுக்கு இசப்கோலைவிட நன்றாக வேலை செய்ததாக ஒரு ஒப்பீட்டுச் சோதனை உண்டு, அதிலுள்ள சார்பிட்டால் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். ஆனால் சோதனையில் கொடுத்த அளவு நாளுக்கு 100 கிராம். அது 240 கலோரி, இவருடைய ஒரு நாள் கணக்கில் ஆறில் ஒரு பங்கு. எடை குறைக்காத ஒருவருக்கு நான் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். இரண்டாவது, நாளுக்கு இரண்டு பச்சைக் கிவி பழம். சுமார் 90 கலோரிதான், மலச்சிக்கலுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் கிவி சாப்பிட்டால் இவருக்கு உதடும் வாயும் அரிக்கும். ஒவ்வாமை என்றால் அதை அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். மிச்சமிருந்தது இசப்கோல். கிட்டத்தட்ட கலோரி இல்லை, வாயு குறைவு.

மறுபடி தொடங்கிய விதம் முன்பிருந்ததற்கு நேர் எதிர். ஸ்பூனை ஒதுக்கிவிட்டுத் தராசில் 3.5 கிராம். 250 மி.லி. தண்ணீரில் கலக்கி உடனே குடித்து, மேலே இன்னொரு தம்ளர். மாலை 6 மணி, அதாவது படுக்கைக்கு வெகு முன்பாக. காலையில் எடுக்கவே கூடாது என்றும் சொன்னேன், ஏனென்றால் லெவோதைராக்சின் உறிஞ்சப்படுவதற்கு அது இடைஞ்சலாகலாம். எந்த மருந்தாக இருந்தாலும் இசப்கோலுக்கும் அதற்கும் குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும். இவருக்கு 12 மணி நேரம் கிடைத்தது.

ஐந்தாவது நாள் முதல் மாற்றம் தெரிந்தது. இரண்டு வாரத்தில் வாரத்துக்கு ஆறு முறை, 3 அல்லது 4, முக்கல் இல்லை. மருத்துவச் சோதனைகளில் நாளுக்கு 10 கிராமுக்கு மேலும் கொடுக்கிறார்கள். இவருக்கு அது தேவைப்படவில்லை, அடியில் 28 கிராம் உணவு நார் ஏற்கெனவே இருந்ததால் என்று நினைக்கிறேன்.

பசிக்கு இசப்கோல்: ஒரு சிறு சோதனை

அவருக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. சரியான அளவில், சரியான தண்ணீரோடு எடுத்தால் பசியையும் அடக்குமோ? நியாயமான கேள்விதான். இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் மதிய உணவுக்கு 15 நிமிடம் முன்பு 7 கிராமை 300 மி.லி. தண்ணீரில் குடிக்கச் சொன்னேன், மற்ற நாட்களில் வெறும் 300 மி.லி. தண்ணீர். மாலை டோஸ் அந்த இரண்டு வாரம் கிடையாது. மதிய உணவு எல்லா நாளும் ஒன்றே.

மாலை 4 மணிப் பசியின் சராசரி வெறும் தண்ணீர் நாட்களில் 3.6, இசப்கோல் நாட்களில் 3.1. அரைப் புள்ளி. ஒரே ஆள், எதைக் குடிக்கிறோம் என்று தெரிந்தே குடித்தவர் என்பதால் அந்த அரைப் புள்ளியைக்கூட நான் முழுதாக நம்ப மாட்டேன். அதே பசி உணவை மாற்றியதில் நான்கு புள்ளிக்கு மேல் இறங்கியது. 7 கிராமைக் குடித்த நாட்களில் சாப்பாடு மந்தமாக இறங்கியதாகவும் சொன்னார், அது அவருக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டுக்கு முந்தைய டோஸைக் கைவிட்டு, மாலை 3.5 கிராமுக்கே திரும்பினோம்.

முடிவில் இருந்த நிலை

20-வது வாரத்தில் வாரச் சராசரி எடை 70.9 கிலோ. மலம் வெளியேறிய பிறகு இருந்த 74.6-லிருந்து கணக்கிட்டால் 12 வாரத்தில் 3.7 கிலோ, வாரத்துக்கு 300 கிராம் அளவு. வேகமான இறக்கம் இல்லை. ஆனால் இந்த 12 வாரத்தில் திட்டத்தைக் கைவிட்ட நாள் என்று அவர் எழுதியது மூன்றே மூன்று, அதற்கு முந்தைய 7 வாரத்தில் பத்துக்கு மேல்.

17-வது வாரத்தில் இசப்கோலை இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்தோம், தேவைதானா என்று அறிய. வாரத்துக்கு நான்கு முறை, பிரிஸ்டல் 3 என்று பழைய நிலைக்குத் திரும்பியது. ஆபத்தில்லை, ஆனால் வசதியும் இல்லை. தொடர்வது என்று அவரே முடிவு செய்தார். இதற்கு அடிமையாகிவிடுவோமா என்று கேட்டார். குடலைத் தூண்டி வேலை வாங்கும் மருந்து இல்லை இது, நிறுத்தினால் அதன் உதவி நிற்கும், அவ்வளவுதான் என்றேன்.

இந்த நிகழ்வில் பல மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன என்பதை வாசிப்பவர் மனதில் வைக்க வேண்டும். மருத்துவர் கொடுத்த பொடி, ஷேக்கிலிருந்து மெல்லும் உணவுக்கு மாறியது, எடையைப் பற்றிய பதற்றம் அடங்கியது எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று. பசி குறைந்ததில் நாருக்கு எவ்வளவு பங்கு, மெல்லுவதற்கு எவ்வளவு பங்கு என்று இதை வைத்துப் பிரிக்க முடியாது.

நடைமுறையில் மாற்றுபவை

இப்போது நாரைப் பொடியாக எடுக்கும் யார் வந்தாலும் பாக்கெட்டையும் ஸ்பூனையும் கொண்டுவரச் சொல்லி, முதல் சந்திப்பிலேயே நிறுக்கிறேன். 'ரெண்டு ஸ்பூன்' என்பது 4 கிராமாகவும் இருக்கலாம், 18 கிராமாகவும் இருக்கலாம். எத்தனை நாளாக மலம் போகவில்லை என்பதைக் கேட்டுவிட்டுத்தான் நாரைக் கூட்டலாமா வேண்டாமா என்று பேசுகிறேன். தேக்கம் இருக்கும்போது கூட்டுவதில்லை.

உணவின் வரிசையில் உருளைக்கிழங்கை முதல் வாரத்துக்கே கொண்டுவருவேன். பசியில் வாடுபவருக்கு வாயு இல்லாமல் சீக்கிரம் நிம்மதி தருவது அதுதான். பயற்றுக்குக் குறைந்தது மூன்று வாரம் ஒதுக்குவேன், 30 கிராமிலிருந்து தொடங்குவேன். சாப்பாட்டுக்கு முன் இசப்கோல் என்ற சோதனையை எல்லாருக்கும் செய்ய மாட்டேன். உணவை மாற்றிய பிறகும் பசி 6-க்குக் கீழே இறங்காதவர்களுக்கு ஒருமுறை முயன்று பார்க்கலாம், விழுங்குவதில் சிரமமும் குடல் அடைப்பு வரலாறும் இல்லை என்று உறுதியான பிறகு.

இந்தப் பெண்மணி இப்போதும் மாலை 6 மணிக்கு 3.5 கிராம் எடுக்கிறார். எடை 7 கிலோ குறைந்திருப்பதாலும், அன்றாடம் நார் கூடியிருப்பதாலும் லெவோதைராக்சின் அளவு இன்னும் பொருந்துகிறதா என்று பார்க்க டி.எஸ்.எச்.-ஐ மறுபடி எடுக்கும்படி மருத்துவருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.